கனம் பெறும் எழுத்து

செய்தி அலைவரிசையின் முகப்பில் சுழன்று வந்து நிற்கும் சின்னம், முப்பரிமாண அச்சில் எடுத்து வரவேற்பறை மேசைமேல் வைத்திருக்கும் நிறுவனப் பெயர், இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றுதான்: தாளில் வரையக்கூடிய ஒரு தட்டையான வெளிக்கோடு. அதற்குத் தடிமன் கொடுக்க எந்த மென்பொருளிலும் ஓர் எண்ணைத் தட்டினால் போதும். அப்படித் தட்டியதும் எழுந்து நிற்கும் எழுத்தை உற்றுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். வளைவு முனை முனையாக உடைந்திருக்கும், உள்ளே இருக்க வேண்டிய ஓட்டை அடைந்துபோயிருக்கும், வழவழப்பான முகப்பில் காரணம் புரியாத கருங்கீற்றுகள் ஓடும். தடிமன் கொடுத்த இடத்தில் இந்தக் கோளாறுகளைத் தேடிப் பயனில்லை. பெரும்பாலானவை அதற்கு முன்பே, தட்டைக் கோட்டிலேயே பிறந்துவிடுகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் தட்டைக் கோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

‘ம’ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்வோம். நேர்கோடு, வளைவு, கூர்மூலை, உள்ளோட்டை நான்கும் அதில் உண்டு. கட்டத்தாளில் போட்டுப் பார்க்கலாம். உயரம் 60 மில்லிமீட்டர், அகலம் 56, எழுத்தின் பட்டை எங்கும் 8. இடப்பக்கம் நேராக நிற்கும் ஒரு கால், அடியில் கிடக்கும் ஒரு கோடு, வலப்பக்கம் மேலே அரைவட்டமாக வளைந்த ஒரு கூடு. கூட்டின் வெளி அகலம் 32 மில்லிமீட்டர். எனவே உச்சியில் உள்ள வெளி அரைவட்டத்தின் ஆரம் 16, உள் அரைவட்டத்தின் ஆரம் 8. கூட்டுக்குள்ளே 16 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் ஓட்டை. காலுக்கும் கூட்டுக்கும் நடுவே மேற்பக்கம் திறந்த ஓர் இடைவெளி.

வெக்டர் கோப்பில் இந்தக் கூட்டின் வளைவு புள்ளி புள்ளியாக எழுதப்படுவதில்லை. ஒரு கால்வட்டத்துக்கு நான்கு புள்ளிகளே இருக்கும்: தொடக்கம், முடிவு, வளைவை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள். இதற்குப் பெசியே வளைவு என்று பெயர். பிரான்சில் கார் உடலை வடிவமைக்கப் பிறந்த கணிதம் இது. சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் இதைக் கண்டார். ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியே 1960-களில் தனியாகக் கண்டு வெளியிட்டதால் அவர் பெயர் நிலைத்தது. கைப்பிடியின் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு என்று வைத்தால் கிடைக்கும் கால்வட்டம் உண்மையான வட்டத்திலிருந்து பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட விலகாது. நம் 16 மில்லிமீட்டர் ஆரத்தில் அது அரை நூற்றுக்கூறு மில்லிமீட்டருக்கும் குறைவு. எந்தக் கண்ணுக்கும் எந்த இயந்திரத்துக்கும் அந்தப் பிசகு தெரியாது.

வளைவு கெடுவது அடுத்த படியில். திரைக்கு ஓவியம் தீட்டும் சில்லுக்கும், அச்சு இயந்திரத்துக்குப் போகும் கோப்புக்கும் முக்கோணம் மட்டுமே தெரியும். முக்கோணத்துக்கு வளைந்த பக்கம் கிடையாது. அதனால் வளைவைச் சிறு நேர்கோடுகளாக நறுக்கியாக வேண்டும். எத்தனை துண்டு என்பதைக் கண் மதிப்பாக முடிவு செய்யத் தேவையில்லை. நேர்கோட்டுக்கும் உண்மையான வில்லுக்கும் நடுவே விழும் அதிகபட்ச இடைவெளியை இப்படிக் கணக்கிடலாம்:

```
இடைவெளி = r × (1 − cos(θ/2))
```

இதில் r ஆரம், θ ஒரு துண்டு அடைக்கும் கோணம். அரைவட்டத்தை 20 துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 9 பாகை. 16 மில்லிமீட்டர் ஆரத்தில் இடைவெளி 0.049 மில்லிமீட்டர் வருகிறது. வீட்டில் வைக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் மூக்குத் துளை பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர். அது அதில் எட்டில் ஒரு பங்கு பிசகைக் காட்டித் தர முடியாது. எனவே 20 போதும். இதையே 200 ஆக்கினால் எழுத்து அழகாவதில்லை, கோப்புதான் வீங்குகிறது.

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் இந்த எண்ணுக்கு `Resolution Preview U` என்று பெயர். தொடக்கத்தில் 12 என்று இருக்கும். அது ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை என்ற கணக்கல்ல, ஒரு பெசியே துண்டுக்கு இத்தனை என்ற கணக்கு. நம் அரைவட்டம் இரண்டு கால்வட்டங்களால் ஆனது. 10 என்று வைத்தால் வெளி வளைவுக்கும் 20 கோடு, பாதி ஆரமே உள்ள உள் வளைவுக்கும் 20 கோடு. உள் வளைவுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், தீங்கில்லை. ஒருவர் கையால் வரைந்து ஸ்கேன் செய்து, கணினி தானாகக் கோடு பிடித்த சின்னம் என்றால் கதை வேறு. அதில் ஒரு சிறு வளைவிலேயே முப்பது பெசியே துண்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றும் பத்தாகி, அணுவளவு கோடுகள் நூற்றுக்கணக்கில் குவியும். அப்படிப்பட்ட கோப்பில் `Resolution` எண்ணைக் குறைப்பது மருந்தாகாது. இங்க்ஸ்கேப்பில் திரும்ப எடுத்து, வளைவின் உச்சியிலும் பக்கங்களிலும் மட்டும் புள்ளி இருக்கும்படி மறுபடி வரைவதே மருந்து. நேரம் பிடிக்கும். செலவழிக்கத் தகுந்த நேரம் அது.

தமிழ் எழுத்துருவிலிருந்து சொல்லை எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில எழுத்துருக்களில் ‘மி’ என்பது ‘ம’ ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு வடிவங்களாக, ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறி நிற்கும். திரையில் இரண்டும் கறுப்பு, ஆகவே ஒட்டு தெரியாது. `Object to Path` கொடுத்து வெளிக்கோடாக்கினால் இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. முப்பரிமாணத்தில் அந்த ஏறிய இடம் ஒன்று ஓட்டையாகிவிடும், இல்லையென்றால் எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு மறைவுச் சுவராகிவிடும். இங்க்ஸ்கேப்பின் `Union` கட்டளை இரண்டையும் ஒரே கோடாக்கும். வெளியேற்றும் முன் நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோட்டை மட்டும் காட்டச் சொன்னால், எழுத்துக்குள்ளே தேவையில்லாத கோடு ஓடுகிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இப்போது நம் ‘ம’வின் புள்ளிகளை எண்ணுவோம். வெளிக்கோட்டில் மூலைகள் ஆறு, அரைவட்டத்தில் 21, ஆக 27. உள்ளோட்டையில் அடிமூலைகள் இரண்டு, அரைவட்டத்தில் 21, ஆக 23. மொத்தம் 50 புள்ளிகள். இந்த ஐம்பதையும் இணைத்து முகப்பை முக்கோணங்களால் நிரப்ப வேண்டும். புதுப் புள்ளி எதுவும் சேர்க்கக் கூடாது, எந்த முக்கோணமும் ஓட்டைக்குள் நுழையக் கூடாது.

ஓட்டையில்லாத பலகோணம் என்றால் வழி எளிது. அடுத்தடுத்த மூன்று புள்ளிகளை எடுத்து முக்கோணமாக்கிப் பாருங்கள். நடுப்புள்ளி வெளிப்பக்கம் துருத்தியிருந்து, முக்கோணத்துக்குள் வேறு புள்ளி எதுவும் சிக்காவிட்டால் அதை நறுக்கி எடுத்துவிடலாம். கணிதத்தில் அதைக் காது என்கிறார்கள். மூன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் கொண்ட, தன்னைத்தானே வெட்டாத எந்தப் பலகோணத்துக்கும் குறைந்தது இரண்டு காதுகளாவது உண்டு என்று கேரி மைஸ்டர்ஸ் 1975-இல் நிறுவினார். ஒரு காதை நறுக்கினால் மிச்சமிருப்பதும் பலகோணம்தான், அதற்கும் இரண்டு காது உண்டு. ஆகவே இந்த வேலை நடுவில் சிக்கி நிற்காது. புள்ளிகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவாக முக்கோணங்கள் கிடைக்கும்.

ஓட்டை இருந்தால் முதலில் அதை வெளிக்கோட்டோடு சேர்க்க வேண்டும். ஓட்டையின் இடது அடிமூலையிலிருந்து கூட்டின் இடப்பக்க வெளிமூலைக்கு 8 மில்லிமீட்டர் நீளத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீறலின் வழியே உள்ளே போய், ஓட்டையைச் சுற்றிவிட்டு, அதே கீறல் வழியே வெளியே வந்தால் ஒரே தொடர்கோடு. கீறலின் இரு முனைகளையும் இரண்டிரண்டு முறை கடப்பதால் 50 புள்ளி 52 ஆகிறது. இரண்டைக் கழித்தால் 50 முக்கோணம். இந்தக் கீறலை மென்பொருள் சரியாகப் போட, எது வெளிக்கோடு எது ஓட்டை என்று அதற்குத் தெரிய வேண்டும். கோடு எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை வைத்துச் சில நிரல்கள் அதைக் கண்டுபிடிக்கின்றன. வெளிக்கோடும் ஓட்டையும் ஒரே திசையில் சுற்றினால் அவை குழம்பி ஓட்டையை அடைத்துவிடும். ‘ம’வின் கூடு அடைந்து வந்தால், முதலில் ஓட்டைக் கோட்டின் திசையைத் திருப்பிப் பாருங்கள்.

எந்த முறையில் நறுக்கினாலும் முக்கோணங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை, ஐம்பதுதான். மாறுவது அவற்றின் வடிவம். காது நறுக்கும் முறை அவசரக்காரனைப் போலக் கண்ணில் பட்ட காதை வெட்டிக்கொண்டே போகும். ஒரே மூலையிலிருந்து விசிறி விரித்தாற்போல, ஊசி ஊசியாக மெலிந்த முக்கோணங்கள் அரைவட்டத்தை நோக்கி ஓடும். ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே 1934-இல் சொன்ன முறையைத் தழுவியவை வேறு மாதிரி. அவை கிடைக்கக்கூடிய மிகச் சிறிய கோணத்தை முடிந்தவரை பெரிதாக்கும்படி இணைக்கின்றன. நம் எழுத்தில் வளைவின் உள், வெளிப் புள்ளிகளைத் தைத்துக்கொண்டு போகும் ஒழுங்கான பட்டை அப்போது கிடைக்கும்.

தட்டையாகவே இருக்கப்போகிற முகப்புக்கு ஊசி முக்கோணம் கெடுதல் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒரே தளத்தில் கிடப்பதால் வெளிச்சம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விழும். முகப்பைக் குவித்து வளைக்கப் போகிறீர்கள், உருளைமேல் சுற்றப் போகிறீர்கள் என்றால்தான் அவை உடைந்து தெரியும். கருங்கீற்றுக்கும் அவை துணைபோகும். அதைப் பெவலுக்குப் பிறகு பார்ப்போம்.

இனி தடிமன். முறுக்கு அச்சில் மாவைப் பிழிகிற வேலைதான் இது: அச்சுத் துளையின் வடிவம் மாறாமல் பின்னோக்கி நீள்கிறது. முகப்பின் நகல் ஒன்று பின்னால் நிற்கும். ஐம்பது ஓரக்கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு நாற்கரச் சுவராகி, இரண்டிரண்டு முக்கோணமாகும். முன் 50, பின் 50, சுவர் 100, ஆக 200 முக்கோணம்.

எவ்வளவு நீட்டலாம் என்பதில் பலர் தாராளமாக இருக்கிறார்கள், எழுத்து படிக்க முடியாமல் போகிறது. உள்ளோட்டையை வைத்து முடிவு செய்வதே சரி. எழுத்தை 45 பாகை சாய்த்துப் பார்த்தால், தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஓட்டை சுவருக்குப் பின்னே மறைந்துவிடும். ஓட்டையின் அகலம் 16. தடிமனும் 16 என்றால் சாய்த்த பார்வையில் ஓட்டையே இல்லை, ‘ம’ வெறும் கட்டையாகத் தெரியும். 6 மில்லிமீட்டர் என்றால் பத்து மில்லிமீட்டர் வெளிச்சம் மிஞ்சும். பட்டை அகலத்தைவிடத் தடிமன் சற்றுக் குறைவாக இருப்பதுதான் தமிழ் எழுத்துக்கு நன்றாக அமைகிறது என்பது என் கருத்து. நம் எழுத்துகளில் உள்ளோட்டைகள் நிறைய, அவை அடைந்தால் எழுத்தே மாறிப்போகும். ஆகவே 6.

அடுத்தது பெவல், அதாவது முகப்பும் சுவரும் சந்திக்கும் கூர்விளிம்பைச் சரித்து விடுவது. சின்னத்துக்கு உலோகம் போன்ற மினுக்கம் வருவது இங்கேதான். முகப்பு முழுதும் ஒரே திசையைப் பார்க்கிறது, சுவர் பக்கவாட்டைப் பார்க்கிறது. சரிவு மட்டும் இடைப்பட்ட திசைகளைப் பார்ப்பதால் விளக்கின் ஒளி அதில் மெல்லிய கோடாகப் பிடித்து, எழுத்தின் வடிவத்தைச் சுற்றி வரைந்து காட்டுகிறது. நம் எழுத்துக்கு 1 மில்லிமீட்டர் போதும்.

பிளெண்டரில் இதைக் கொடுக்கும்போது இரண்டு கணக்குகளை நினைவில் வைக்க வேண்டும். அங்கே `Extrude` இரு பக்கமும் நீள்கிறது, பெவல் அதற்கும் வெளியே போய் ஒட்டிக்கொள்கிறது. மொத்தத் தடிமன் 6 வேண்டுமென்றால் `Extrude` 2, `Bevel Depth` 1: இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 6. அடுத்தது, பெவல் பக்கவாட்டிலும் வெளியே வீங்குகிறது. 8 மில்லிமீட்டர் பட்டை 10 ஆகும், 16 மில்லிமீட்டர் ஓட்டை 14 ஆகும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட சின்னம் தடித்துப்போய்விடும். `Offset` இடத்தில் கழித்தல் 1 கொடுத்தால் கோடு முதலில் உள்ளே சுருங்கி, பெவல் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். பிளெண்டர் மீட்டரில் கணக்கு வைக்கும். எனவே இந்த எண்கள் அங்கே 0.002, 0.001, -0.001. கோப்பை உள்ளே கொண்டுவந்ததும் எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவில் கிடப்பதும் இதனால்தான். `Dimensions` பகுதியில் உயரம் 0.06 மீட்டர் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

கோடு உள்ளே சுருங்கும் இந்த நொடியில்தான் மூலைகள் கெடுகின்றன. காலின் உச்சி மூலைகள் கூர்மையாக இருந்தால் சிக்கலில்லை. வடிவமைப்பாளர் அழகுக்காக அவற்றை 0.5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டியிருந்தால், 1 மில்லிமீட்டர் உள்ளே நகர்வதற்கு அந்த உருட்டலில் இடமில்லை. ஆரம் கழித்தல் 0.5 ஆகிவிடும். மூலையின் சிறு புள்ளிகள் ஒன்றையொன்று தாண்டி, வரிசை தலைகீழாகி, கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும். முகப்பின் மூலையில் கசக்கிய காகிதம்போல ஒரு கறுப்பு மடிப்பு தெரிந்தால் காரணம் இதுதான். இரண்டு வழி உண்டு. மூலையின் ஆரத்தைப் பெவலைவிடப் பெரிதாக, 1.5 ஆக வைக்கலாம், அல்லது மூலையைக் கூர்மையாகவே விட்டு உருட்டும் வேலையைப் பெவலிடம் விடலாம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பெவல் பட்டையின் பாதிக்கு மேல் போகக் கூடாது. 8 மில்லிமீட்டர் பட்டையில் 4-ஐத் தொட்டால் இரு பக்கச் சரிவும் நடுவில் முட்டி முகப்பே இல்லாமல் போகும். ஒரே எழுத்துருவில் தடித்த பட்டையும் மெலிந்த பட்டையும் கலந்திருந்தால், மெலிந்ததை வைத்தே இந்த எல்லையை முடிவு செய்ய வேண்டும்.

சரிவை எத்தனை படியாக உருட்டுவது? மூன்று படி வைத்துப் பார்ப்போம். முன்னும் பின்னுமாக எட்டு வளையங்கள், வளையத்துக்கு ஐம்பது புள்ளி, மொத்தம் 400 புள்ளி. முக்கோணம் 800. இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஓர் ஓட்டை உள்ள, எங்கும் கிழிசல் இல்லாத திண்மத்தில் முக்கோணங்களின் எண்ணிக்கை புள்ளிகளைப்போலச் சரியாக இரு மடங்கு. ஓட்டையே இல்லாத எழுத்தில் இரு மடங்கில் நான்கு குறையும். ஒவ்வோர் ஓட்டைக்கும் நான்கு கூடும். ஆய்லரின் சூத்திரம் தருகிற இந்தக் கணக்கு வலுவான சோதனை.

பிளெண்டரில் எழுத்தை `Mesh` ஆக மாற்றியதும் புள்ளி எண்ணிக்கையைப் பாருங்கள். 400-க்குப் பதில் 500 காட்டும். முகப்புகளின் ஓரப் புள்ளிகளும் சரிவின் ஓரப் புள்ளிகளும் ஒரே இடத்தில் இருந்தும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்பதே காரணம். `Merge by Distance` அவற்றை ஒட்டும். அதன் தொடக்க அளவு 0.0001 மீட்டர், நம் எழுத்துக்கு அது பத்தில் ஒரு மில்லிமீட்டர். நுணுக்கமான மூலை இருந்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். ஒட்டிய பின்னும் 400 புள்ளி, 800 முக்கோணம் வராவிட்டால், `Non Manifold` என்று தேடச் சொன்னால் கிழிந்த ஓரங்களை அது நிறமிட்டுக் காட்டும்.

திரைக்குப் போகும் எழுத்தில் மட்டும் வரும் கருங்கீற்றை இப்போது பார்க்கலாம். வளைவின் 9 பாகைத் திருப்பங்கள் தெரியாமல் இருக்க, 30 பாகைக்குக் குறைந்த மடிப்புகளையெல்லாம் வழவழப்பாகக் காட்டு என்று `Shade Auto Smooth` கொடுப்போம். மூன்று படிச் சரிவில் முகப்புக்கும் முதல் படிக்கும் நடுவே மடிப்பு 15 பாகைதான். மென்பொருள் அதையும் வழவழப்பாக்க முயல்கிறது. தட்டையான முகப்பின் ஓரப் புள்ளிகள் வெளிப்பக்கம் சாய்ந்ததாகக் கணக்காகி, அந்தச் சாயல் முகப்பு முக்கோணங்களின் நீளம் முழுதும் பரவுகிறது. ஊசி முக்கோணங்கள் இருந்தால் ஒவ்வோர் ஊசியும் ஒரு கீற்று. முகப்பின் ஓர வளையத்தைத் தேர்ந்து `Mark Sharp` கொடுத்தால் கீற்று மறையும். `Weighted Normal` என்ற மாற்றியும் உதவும். பரப்பில் பெரிய முகப்பின் திசைக்கு அது அதிக மதிப்புக் கொடுத்து முகப்பைத் தட்டையாக வைத்துக்கொள்கிறது.

அச்சுக்குப் போகும் கோப்பில் இந்தத் தொல்லை கிடையாது. எஸ்டிஎல் வடிவத்தில் முக்கோணங்கள் மட்டுமே பதிவாகும். 84 பைட் தலைப்பு, பிறகு முக்கோணத்துக்கு 50 பைட். நம் 800 முக்கோண ‘ம’ 40,084 பைட்டில் அடங்கும். அதில் அளவின் அலகு பதிவாகாது, வெறும் எண்தான். மீட்டர் கணக்கில் வெளியேற்றினால் அச்சு மென்பொருள் 0.06-ஐ மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு ஒரு தூசியைக் காட்டும். வெளியேற்றும்போது `Scale` 1000 என்று வைத்தால் சரியாகும். எழுத்தைப் படுக்கவைத்து 0.2 மில்லிமீட்டர் அடுக்குகளாக அச்சிட்டால் 1 மில்லிமீட்டர் சரிவுக்கு ஐந்தே அடுக்குகள்தான். பெவலைப் பன்னிரண்டு படியாக வழவழப்பாக்கினாலும் அச்சில் ஐந்து படிக்கட்டே வரும். அதற்கு மூன்று படி தாராளம். திரையில் நெருக்கமாகக் காட்டும் சின்னத்துக்கு எட்டுப் படி வைக்கலாம். இரண்டு வடிவங்களையும் அதே வெக்டர் கோட்டிலிருந்து தனித்தனியாக எடுங்கள். `Mesh` ஆக மாறிய எழுத்தில் கையை வைத்துத் திருத்தினால், நாளை சின்னத்தின் ஒரு வளைவு மாறும்போது எல்லாத் திருத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.